டூயல் மொமண்டம் விதி வீழ்ச்சியிலிருந்து எவ்வளவு காப்பாற்றும்?

"ஐயா, எனக்கு ஊர் குலசேகரம். சவூதியில் எட்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கையில் பத்து லட்சம் இருக்கிறது, வீட்டுக்குக் கொஞ்சம் ரப்பரும் இருக்கிறது. மாதம் ஒருமுறை மட்டும் பார்த்து, பணத்தைப் பங்கிலிருந்து பத்திரத்துக்கும் ரொக்கத்துக்கும் மாற்றிக்கொண்டே இருந்தால் பெரிய வீழ்ச்சியில் மாட்டவே மாட்டோம் என்று மார்த்தாண்டத்தில் ஒரு நண்பர் சொல்கிறார். டூயல் மொமண்டம் என்று பெயராம். நம்பலாமா? எப்படிச் செய்வது?"

தம்பி, உங்கள் நண்பர் சொன்ன விதி போலியானது அல்ல. அமெரிக்காவில் கேரி அன்டோனாச்சி என்பவர் 2014-இல் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். அதற்கு அடிப்படையான ஆய்வுகள் 1993-இல் ஜெகதீஷ், டிட்மன் என்ற இரு பேராசிரியர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குகின்றன. ஆனால் "மாட்டவே மாட்டோம்" என்று அவர் சொன்னது தவறு. எந்த அளவுக்குத் தவறு என்பதை நம் நாட்டுப் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் எண்களை வைத்தே காட்டுகிறேன். அதைப் பார்த்த பிறகு எவ்வளவு பணத்தை இதில் போடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் விதி. மூன்று மியூச்சுவல் ஃபண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குக்கு ஒரு நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்ட், பத்திரத்துக்கு அரசுப் பத்திரங்களை மட்டும் வாங்கும் ஒரு கில்ட் ஃபண்ட், ரொக்கத்துக்கு ஒரு லிக்விட் ஃபண்ட். மூன்றிலும் முகவர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளான், ஈவுத்தொகையைக் கையில் தராமல் உள்ளேயே சேர்க்கும் குரோத் வகை. மாதத்தின் கடைசி வேலைநாளில், கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். நிஃப்டி ஃபண்ட் லிக்விட் ஃபண்டைவிட அதிகம் ஏறியிருந்தால் பணம் முழுவதும் நிஃப்டியில் இருக்கும். இல்லையென்றால் கில்ட் ஃபண்டைப் பாருங்கள். அது லிக்விட் ஃபண்டை வென்றிருந்தால் கில்ட், அதுவும் தோற்றிருந்தால் லிக்விட். மாற்ற வேண்டியிருந்தால் மறுநாள் மதியம் மூன்று மணிக்குள் விற்பதற்கான ஆணையைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மாதக் கடைசி வரை எதையும் தொடக்கூடாது.

சிலர் இதையே வேறுவிதமாகச் செய்கிறார்கள்: மூன்றில் எது அதிகம் ஏறியதோ அதில் பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. பங்கு 8 சதவீதம், பத்திரம் 10, ரொக்கம் 6 என்று இருக்கும் மாதத்தில் நான் சொன்ன முறையில் பணம் பங்கில் இருக்கும், அவர்கள் முறையில் பத்திரத்தில் இருக்கும். நான் பங்குக்கு முதல் உரிமை கொடுக்கும் முறையைத்தான் விரும்புகிறேன். கில்ட் ஃபண்ட் ஓராண்டில் 10 சதவீதம் ஏறினால் அதில் ஒரு பகுதி நாட்டின் வட்டி விகிதம் இறங்கியதால் வந்தது. வட்டி இறங்கி முடிந்ததும் அந்த ஏற்றமும் நின்றுவிடும். அதைத் துரத்திக்கொண்டு போவதற்குக் காரணமில்லை. எதைத் தேர்ந்தாலும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முறையை மாற்றுகிறவர் விதியைப் பின்பற்றவில்லை, தன் மனநிலையைப் பின்பற்றுகிறார்.

கில்ட் ஃபண்டுக்கும் ஒரு தேர்வு எதற்கு என்று கேட்கலாம். அன்டோனாச்சியின் மூல விதியில் பங்கு தோற்றால் பணம் நேராகப் பத்திரத்துக்குப் போய்விடும். 2022-இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை 18 சதவீதம் விழுந்தது. வட்டி விகிதத்தை வேகமாக உயர்த்தியதால் பத்திரங்களும் 13 சதவீதம் விழுந்தன. பங்கிலிருந்து தப்பியவர்கள் பத்திரத்தில் மாட்டினார்கள். ரொக்கம் என்ற மூன்றாம் படி அதற்காகத்தான்.

கணக்கிடுவதற்கு வேண்டிய பழைய என்.ஏ.வி., அதாவது ஃபண்டின் ஒரு யூனிட்டின் அன்றாட விலை, அனைத்தும் amfiindia.com தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எக்செல் தாளில் முதல் வரிசையில் தலைப்பு, இரண்டாம் வரிசையிலிருந்து ஒவ்வொரு மாதக் கடைசி என்.ஏ.வி. என்று B பத்தியில் நிஃப்டி, C பத்தியில் கில்ட், D பத்தியில் லிக்விட் எழுதுங்கள். பதினான்காம் வரிசைக்கு வரும்போது ஓராண்டு நிறைந்துவிடும்:

```
E14: =B14/B2-1
F14: =C14/C2-1
G14: =D14/D2-1
H14: =IF(E14>G14,"NIFTY",IF(F14>G14,"GILT","LIQUID"))
```

இதைக் கீழே இழுத்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் விடை வந்துவிடும். நிஃப்டி குறியீட்டு எண்ணை நேரடியாக எடுத்துக்கொள்ளாமல் குரோத் ஃபண்டின் என்.ஏ.வி.யை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செய்தித்தாளில் வரும் நிஃப்டி எண்ணில் நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகை சேராது. ஆண்டுக்கு அது சுமார் ஒன்றே கால் சதவீதம். ஒப்பீடு நெருக்கமாக இருக்கும் மாதங்களில் அந்த ஒன்றே கால்தான் முடிவைத் தீர்மானிக்கும். லிக்விட் ஃபண்டுக்குப் பதில் வங்கியின் இன்றைய வைப்பு வட்டியை வைத்துப் பார்ப்பதும் தவறு. அது வரப்போகும் ஓராண்டுக்கான வட்டி. நமக்கு வேண்டியது போன ஓராண்டில் ரொக்கம் உண்மையில் ஈட்டியது.

செய்முறை இவ்வளவுதான். இனி 2019 நடுவிலிருந்து 2020 இறுதி வரையிலான பதினாறு மாதங்களைப் பார்ப்போம். இந்த விதியின் நல்லது கெட்டது இரண்டும் அந்தக் காலத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

2019 ஜூலை 31 அன்று நிஃப்டி 11,118. அதற்கு ஓராண்டு முன்பு 11,357. ஏறுவதற்குப் பதில் 2 சதவீதம் இறங்கியிருந்ததால் விதி வெளியேறச் சொன்னது. மறுநாள் ஆகஸ்ட் 1-இன் முடிவு விலை 10,980. வட்டி இறங்கிக்கொண்டிருந்த காலமாதலால் கில்ட் ஃபண்ட் லிக்விடை எளிதாக வென்றிருந்தது. பணம் அங்கே போயிற்று. செப்டம்பர் 20 அன்று நிறுவன வரியைக் குறைப்பதாக நிதியமைச்சர் அறிவித்தார். நிஃப்டி ஒரே நாளில் 569 புள்ளிகள் ஏறியது. விதியைப் பின்பற்றியவர் அன்று வெளியே நின்றுகொண்டிருந்தார். அக்டோபர் கடைசியில் நிஃப்டி 11,877, ஓராண்டு முன்பு 10,387. ஏற்றம் 14 சதவீதம். எனவே உள்ளே போ என்றது விதி. நவம்பர் 1 அன்று 11,891-க்கு வாங்க வேண்டியதாயிற்று. விற்ற விலையைவிட 8 சதவீதம் கூடுதல்.

இதை ஆங்கிலத்தில் விப்சா என்பார்கள். குறைந்த விலைக்கு விற்று, கூடிய விலைக்குத் திரும்ப வாங்குவது. இந்த விதியில் இது தவிர்க்கவே முடியாதது. சந்தை எந்தப் பக்கமும் போகாமல் தள்ளாடும் ஆண்டுகளில் இது அடிக்கடி நடக்கும். விதியைக் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய வீழ்ச்சியில் கைவிடுவதில்லை. இப்படி இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக அடிபட்ட பிறகுதான் கைவிடுகிறார்கள்.

அடுத்து 2020. பிப்ரவரி 28 அன்று நிஃப்டி 11,202. ஓராண்டு முன்பு 10,793. ஏற்றம் 3.8 சதவீதம், ஈவுத்தொகையைச் சேர்த்தால் 5. லிக்விட் ஃபண்டுகள் அதே ஓராண்டில் 6 சதவீதத்துக்கு மேல் கொடுத்திருந்தன. பங்கு தோற்றது, விதி வெளியேறச் சொன்னது. மார்ச் 2 அன்று 11,133-க்கு விற்பனை. மூன்று வாரம் கழித்து, மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610. நண்பர் உங்களிடம் காட்டியது பெரும்பாலும் இந்தக் காட்சியாகத்தான் இருக்கும். அவர் காட்டியதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் திரும்பி உள்ளே வந்தது எப்போது? ஏப்ரல் முதலே சந்தை ஏறத் தொடங்கிவிட்டது. விதி அதைப் பார்க்காது. அது பார்ப்பது ஓராண்டு முன்பிருந்த விலையை. ஆகஸ்ட் கடைசியில் ஈவுத்தொகையைச் சேர்த்தால் பங்கும் ரொக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்தன. ஆனால் செப்டம்பரிலும் அக்டோபரிலும் மறுபடி பங்கு தோற்றது. நவம்பர் கடைசியில்தான் 12,969-க்கு வந்து, ஓராண்டு முந்தைய 12,056-ஐத் தெளிவாகத் தாண்டியது. டிசம்பர் 1 அன்று வாங்கும் விலை 13,109. மார்ச் மாதம் விற்ற விலையைவிட ஏறத்தாழ 18 சதவீதம் அதிகம்.

பத்து லட்சத்தை வைத்து இதைக் கூட்டிப் பார்ப்போம். 2019 ஆகஸ்ட் 1 முதல் 2020 டிசம்பர் 1 வரை. ஈவுத்தொகையையும் வரியையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். எதுவும் செய்யாமல் நிஃப்டியிலேயே இருந்தவரின் பணம் 2020 மார்ச் 23 அன்று 6 லட்சத்து 93 ஆயிரம். டிசம்பரில் அது 11 லட்சத்து 94 ஆயிரம். விதியைப் பின்பற்றியவர் முதல் மூன்று மாதம் கில்ட் ஃபண்டில் ஒன்றரை சதவீதமும், பிறகு 2020-இன் ஒன்பது மாதங்களில் 8 சதவீதமும் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாட்களில் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி இறங்கிய அளவை வைத்துப் பார்த்தால் இது நியாயமான அனுமானம். இடையில் நவம்பர் முதல் மார்ச் 2 வரை பங்கில் இருந்தபோது 6.4 சதவீதம் நட்டம். அவருடைய பணம் 2020 மார்ச் 2 அன்று சுமார் 9 லட்சத்து 50 ஆயிரம். அதுதான் அவர் கண்ட தாழ்வு. டிசம்பரில் 10 லட்சத்து 26 ஆயிரம்.

இந்த நான்கு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாழ்வில் 6.93-க்கு எதிராக 9.50. முடிவில் 11.94-க்கு எதிராக 10.26. விதி இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றியது, அதற்கு விலையாக ஏறத்தாழ ஒரு லட்சத்து 68 ஆயிரத்தை எடுத்துக்கொண்டது. ஆழமாக விழுந்து உடனே எழும் சந்தையில் எப்போதும் இப்படித்தான் நடக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்து இறங்கி, நெடுநாள் கீழேயே கிடக்கும் சந்தையில்தான் இந்த விதி இரண்டு வகையிலும் வெல்லும்.

நீண்ட இறக்கம் என்றாலும் விதி விரைவாக வெளியேறும் என்று எண்ணிவிட வேண்டாம். 2008 ஜனவரி 8 அன்று நிஃப்டி 6,288 என்ற உச்சத்தில் இருந்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் சந்தை பலமாக ஏறியிருந்ததால், இறங்கத் தொடங்கிய பிறகும் பன்னிரண்டு மாதக் கணக்கு லாபமாகவே தெரிந்தது. மே கடைசியில் நிஃப்டி 4,870. உச்சத்திலிருந்து 22 சதவீதம் கீழே. ஆனாலும் ஓராண்டு முந்தைய 4,296-ஐவிட அதிகம், எனவே விதி அசையவில்லை. ஜூன் கடைசியில் 4,041-க்கு வந்தபோதுதான் வெளியேறச் சொன்னது. அதற்குள் உச்சத்திலிருந்து 36 சதவீதம் போய்விட்டது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று நிஃப்டி 2,524 வரை போனது, அதாவது 60 சதவீத வீழ்ச்சி. விதி அதன் பிற்பாதியிலிருந்துதான் காப்பாற்றியது. முன்பாதியை முழுவதும் அனுபவிக்க வைத்தது.

எனவே எச்சரிக்கை சீக்கிரம் வருமா தாமதமாக வருமா என்பது இன்று சந்தை எவ்வளவு விழுகிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. ஓராண்டுக்கு முன்பு விலை எங்கே இருந்தது என்பதையும் பொறுத்தது. 2020-இல் அதற்கு முந்தைய ஆண்டு மந்தமாக இருந்ததால் சிறிய இறக்கமே போதுமானதாக இருந்தது. 2008-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழ வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது அதிகம் பேசப்படுவதில்லை. நான் மாதக் கடைசி நாளை வைத்துக் கணக்கிட்டேன். அதே விதியை மாத நடுவில் பார்க்கும் ஒருவர் இருந்தார் என்று வையுங்கள். 2020 பிப்ரவரி 14 அன்று நிஃப்டி 12,113, ஓராண்டு முன்பு 10,724. ஏற்றம் 13 சதவீதம், எனவே அவர் பங்கிலேயே இருந்தார். அடுத்து அவர் பார்த்தது மார்ச் 16 அன்று. அன்று 9,197. வெளியேறும் ஆணை கொடுத்து, மறுநாள் கிடைத்த விலை 8,967. மாதக் கடைசிக்காரருக்கு 11,133, இவருக்கு 8,967. விதியும் ஒன்று, ஃபண்டும் ஒன்று. பார்த்த தேதி மட்டும் வேறு. அதற்காக ஐந்தில் ஒரு பங்கு பணம்.

"மாதக் கடைசிதான் சிறந்தது" என்று இதிலிருந்து முடிவுக்கு வரக்கூடாது. வேறொரு வீழ்ச்சியில் மாத நடுக்காரர் தப்பித்து மற்றவர் மாட்டுவார். அதனால் நான் பரிந்துரைப்பது பணத்தை இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதிக்கு மாதக் கடைசி, மறுபாதிக்கு மாதத்தின் பதினைந்தாம் தேதியை ஒட்டிய வேலைநாள். ஒவ்வொரு பாதியும் மாதம் ஒருமுறைதான் பார்க்கப்படும், விதி மாறவில்லை. தேதியின் அதிர்ஷ்டம் மட்டும் பாதியாகக் குறைகிறது. எக்செலில் இன்னொரு தாள் போட்டால் போதும்.

வரியைப் பற்றி நண்பர் எதுவும் சொன்னாரா தெரியவில்லை. ஒவ்வொரு மாற்றமும் ஒரு விற்பனை. 2024 ஜூலை 23 முதல் பங்கு ஃபண்டை ஓராண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீத வரி, அதற்கு மேல் செஸ். ஓராண்டு கடந்து விற்றால் ஆண்டுக்கு ஒன்றே கால் லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம். பத்து மாதத்தில் 60,000 ரூபாய் லாபத்தோடு விதி உங்களை வெளியேற்றினால் 12,480 ரூபாய் போய்விடும். சும்மா இருந்து இரண்டு மாதம் கழித்து விற்றிருந்தால் ஒன்றுமில்லை. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கில்ட், லிக்விட் ஃபண்டுகளின் லாபம் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து அதற்குரிய விகிதத்தில் வரிக்கு உட்படும். விப்சாவில் வரும் குறுகிய கால நட்டத்தை வீணாக்காதீர்கள். வருமான வரிப் படிவத்தை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் அந்த நட்டத்தை எட்டு ஆண்டு வரை எடுத்துச் சென்று பிற்கால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். உங்களைப் போல வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், வங்கிக் கணக்கிலும் ஃபண்டு நிறுவனத்தின் கே.ஒய்.சி.யிலும் தாங்கள் இப்போது இந்தியாவில் வசிப்பவர் என்று மாற்றிக்கொண்டார்களா என்றும் பார்க்க வேண்டும். பழைய என்.ஆர்.ஐ. நிலையிலேயே இருந்தால் விற்கும்போதெல்லாம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள்.

உங்கள் விஷயத்தில் ரப்பரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2008 இறுதியில் பங்குச் சந்தை தரையைத் தொட்ட அதே மாதங்களில் ரப்பர் விலையும் சில மாதங்களுக்கு முன்பிருந்ததில் பாதியளவுக்கு வந்தது. உலகத்தில் வாகன உற்பத்தியும் கச்சா எண்ணெய் விலையும் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். அரசு ஊதியம் வாங்கும் ஒருவர் நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு 40 சதவீத வீழ்ச்சியைப் பொறுத்துக்கொள்ளலாம். பால் வெட்டுக் கூலிக்கே விலை கட்டாத ஒரு பருவத்தில், முதலீடும் பாதியாகிக் கிடந்தால், நீங்கள் அடிமட்ட விலையில் விற்கும் கட்டாயத்துக்கு வருவீர்கள். அந்த ஒரு காரணத்துக்காக, தாழ்வைக் குறைக்கும் இந்த விதி மற்றவர்களைவிட உங்களுக்குப் பொருந்துகிறது. முடிவில் லாபம் குறையலாம் என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பத்து லட்சத்தில் மூன்று லட்சத்தை வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்குமாக வங்கி வைப்பில் வைப்பேன். விதி அதைத் தொடாது. மீதி ஏழில் மூன்றரையை நிஃப்டி ஃபண்டில் போட்டு, எதுவும் செய்யாமல் பத்தாண்டுக்கு விட்டுவிடுவேன். மற்ற மூன்றரையை மேலே சொன்னபடி இரண்டு தேதிகளாகப் பிரித்து விதிக்கு ஒப்படைப்பேன். 2020 போன்ற ஆண்டில் முதல் பாதி முந்தும், 2008 போன்ற நீண்ட இறக்கத்தில் இரண்டாம் பாதி தாங்கும். மூன்று ஃபண்டுகளும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் ஸ்விட்ச் ஆணை ஒன்றே போதும். வேறு வேறு நிறுவனங்கள் என்றால் விற்ற பணம் வங்கிக்கு வர இரண்டு மூன்று வேலைநாள் ஆகும், அதுவரை பணம் சும்மா கிடக்கும். வாங்கும் முன் எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் விற்றால் பிடிக்கும் கட்டணம், எத்தனை நாள் வரை என்று அந்தந்த ஃபண்டின் விவரத்தாளில் பார்த்துவிடுங்கள்.

நண்பர் இதை உங்களுக்காகத் தானே இயக்கித் தருகிறேன், ஆண்டுக்கு இவ்வளவு கட்டணம் என்று கேட்டால், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். sebi.gov.in தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்த விதிக்கு உங்கள் பெயரில் உள்ள மூன்று ஃபண்டுகளும் மாதத்தில் ஒரு மணி நேரமும் தவிர வேறு எதுவும் தேவையில்லை.